நிலா மானான கதை

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறான், வலக்கைப் பழக்கம். சென்ற ஆண்டு வரை ஆங்கிலத்தைத் தனித்தனி எழுத்தாக அழகாக எழுதி வந்தான். இந்த ஆண்டு பள்ளியில் எல்லாவற்றையும் கூட்டெழுத்தில் எழுதச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் பயிற்சி நோட்டுகள் மூன்றை ஏ முதல் இசட் வரை முடித்துவிட்டான். தனி எழுத்தாகக் கேட்டால் எல்லாம் சரியாக எழுதுகிறான், சொல்லாக எழுதும்போது குழம்பிவிடுகிறது. ‘மூன்’ என்று எழுதியதை ஆசிரியை ‘மான்’ என்று படித்து, வகுப்பே சிரித்ததாம். அரைப் பக்கம் எழுதினாலே கை வலிக்கிறது என்கிறான். தரையில் உட்கார்ந்து, நோட்டின்மேல் கவிழ்ந்துதான் எழுதுவான். நாலாவது நோட்டு வாங்கிக் கொடுக்கவா?

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த நோட்டுகளில் என்ன குறை என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அவனுக்கு எழுத்துகள் தெரியும், ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போகத் தெரியவில்லை. ஏ முதல் இசட் வரை வரிசையாக எழுத வைக்கும் நோட்டு அந்தப் பயணத்தைச் சொல்லித் தருவதே இல்லை. கூட்டெழுத்தில் புதிதாகக் கற்க வேண்டியது எழுத்துகளைவிட இணைப்புகளைத்தான்.

இன்று மாலை ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அவன் எழுதும்போது தாளைப் பார்க்காமல் பென்சில் முனையைப் பாருங்கள். கையெழுத்துச் சிக்கலோடு என்னிடம் வரும் இந்த வயதுப் பிள்ளைகளில் பலர், ஒரு எழுத்தை முடித்துப் பென்சிலைத் தூக்கி, அடுத்த எழுத்தை எழுதி, பிறகு திரும்பி வந்து இடையில் ஒரு கோட்டை ஒட்டுப் போடுவார்கள். தாளில் பார்த்தால் கூட்டெழுத்து மாதிரிதான் இருக்கும். கை செய்வதோ தனியெழுத்து வேலையும் அதன்மேல் ஒட்டு வேலையும். நேரமும் வலியும் இரட்டிப்பாவது இதனால்தான். தமிழ் எழுத்தும் ஒவ்வொன்றாகக் கையெடுத்து எழுதுவதுதானே, இரண்டு மொழியிலும் நான்கு ஆண்டுகள் அப்படிப் பழகிய கை அது. சிக்குக் கோலம் போடுகிறவர் புள்ளிகளைச் சுற்றிக் கையெடுக்காமல் இழுத்துக்கொண்டே போவதை அவன் பார்த்திருப்பான். அந்த ஓட்டம்தான் இங்கே தேவை.

ஆனால் ஓட்டத்துக்கு முன் உட்காரும் முறையைச் சரிசெய்தாக வேண்டும். தரையில் உட்காருவது தவறில்லை. தரையிலேயே நோட்டையும் வைப்பதுதான் தவறு. அப்போது முதுகு வளைகிறது, உடலின் பாரம் முன்கையில் இறங்குகிறது, கை தாளில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. நகர முடியாத கையால் சேர்த்து எழுத முடியாது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் நாளெல்லாம் எழுதினார்கள். ஆனால் அவர்கள் முன்னால் சாய்வான மேல்பலகை கொண்ட குட்டை மேசை இருந்தது. யாருடைய வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடந்தால் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு குட்டை முக்காலியும் ஒரு பலகையும் போதும். மகன் சம்மணமிட்டு முழங்கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு இரண்டு விரல்கடை மேலே பலகை இருக்க வேண்டும். பலகையின் அந்தப் பக்க விளிம்பைப் புத்தகங்கள் வைத்து எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தாள் கண்ணை நோக்கி எழுந்து வந்துவிட்டால் முதுகு தானாகவே நிமிரும். ‘நிமிர்ந்து உட்கார்’ என்று நூறு முறை சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலி, மேசை என்றால் அளவு அதேதான், கால் மட்டும் கூடுதல் கவலை. பெரியவர்கள் உட்காரும் சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஒன்பது வயதுப் பிள்ளையின் பாதம் தொங்கும். தொங்கினால் இடுப்பு வழுக்கும், தோள் தூக்கும். பாதத்தின் கீழே ஒரு மணைப்பலகையோ பழைய தொலைபேசி விவரப் புத்தகங்களின் கட்டோ வையுங்கள். விளக்கு இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

அடுத்தது தாளின் கோணம். வகுப்பில் நோட்டை நேராக வைக்கச் சொல்லியிருப்பார்கள். தனியெழுத்துக்கு அது பரவாயில்லை. சேர்த்து எழுத, வலக்கைப் பிள்ளைக்குத் தாளின் மேல்பக்கம் இடப்புறம் சாய வேண்டும். இடப்பக்கக் கீழ்மூலை வயிற்றை நோக்கி இருந்தால் சாய்வு ஏறக்குறைய சரி. அப்போது முழங்கையை மையமாக வைத்து முன்கை விசிறிபோல் நகர்வதற்கு வரி ஒத்துழைக்கும். இடக்கையின் வேலை தாளைப் பிடிப்பதும், பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது தாளை மேலே தள்ளுவதும்தான். கையை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டே வந்தால் மணிக்கட்டு மடங்கிவிடும். (இதைப் படிக்கும் இடக்கைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: எல்லாம் எதிர்ப்பக்கம். தாளின் மேல்பக்கம் வலப்புறம், இன்னும் சற்றுக் கூடுதலாகச் சாயட்டும். வகுப்புப் பெஞ்சில் இடது ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு தினமும் சண்டைதான்.)

பென்சில் பிடிப்பைப் பற்றிப் பெற்றோர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரலின் பக்கவாட்டில் பென்சில் சாய்ந்திருப்பதுதான் பாடப்புத்தகப் பிடி. நான்கு விரலால் பிடிப்பவர்களும், கட்டைவிரலைக் குறுக்கே வைப்பவர்களும் அதே வேகத்தில் தெளிவாக எழுதுவதைப் பார்க்கிறோம். ஒன்பது வயதில் பிடி உறைந்துபோயிருக்கும். வலி இல்லாத பிடியைப் பிடுங்கி மாற்றினால் இரண்டு மாதம் வீணாகும். உங்கள் மகனுக்கு வலி இருப்பதால் மட்டுமே இதைப் பேசுகிறேன். அவனிடமும் முதலில் பார்க்க வேண்டியது பிடியின் உருவத்தை அல்ல, இறுக்கத்தை.

இறுக்கத்தை அறிய இரண்டு வழிகள். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது பென்சிலின் மேல்நுனியைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். சற்றே தயங்கிக் கழன்று வந்தால் சரி. கையே கூட வந்தால் கழுத்தை நெரிக்கிற பிடி. அடுத்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவுங்கள். எழுத்து புடைப்பாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். இதற்கு அறிவுரை உதவாது, கருவிதான் உதவும். எச்பி பென்சிலுக்குப் பதில் 2பி வாங்குங்கள். அதன் முனை மென்மையானது, லேசாகத் தொட்டாலே கருப்பாக எழுதும். அழுத்தினால் முனை மழுங்கிக் கோடு தடித்துவிடும் என்பதால் பென்சிலே அவனைத் திருத்தும். பந்துமுனைப் பேனா அழுத்தினால்தான் எழுதும், ஆகவே பயிற்சி முடியும் வரை அது வேண்டாம்.

விரல்கள் முனையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அந்த இடத்தில் ரப்பர் பேண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் அடையாளம் ஆயிற்று. விரல்கள் முனையை ஒட்டி இருந்தால் எழுதுவதைக் கையே மறைக்கும். தலை சாய்ந்து எட்டிப் பார்ப்பதும் கவிழ்வதும் பாதி இதனால்தான். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கியிருக்க, சிறு காகித உருண்டை ஒன்றை அவற்றின் கீழே பிடித்துக்கொண்டு எழுதச் சொல்லலாம். விரல்கணு அளவே உள்ள சிலேட்டுக் குச்சித் துண்டும் நல்ல ஆசான். அதைக் கைமுட்டியால் பிடிக்கவே முடியாது, விரல்நுனிகள்தான் பிடித்தாக வேண்டும்.

இனி இணைப்புகள். நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், சுமார் பன்னிரண்டு வாரம். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டினால் கை தளர்ந்து பழைய வழிக்குத் திரும்பும், பிறகு தவறுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறோம். நடு இரண்டு கோடுகளின் இடைவெளி அகலமாக உள்ள நாலு கோட்டு நோட்டில் தொடங்குங்கள். கீழே நான் சொல்லும் எழுத்துகளெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

முதல் இரண்டு வாரம் சொற்களே வேண்டாம். கம்பிச்சுருள் போல ‘ஈ’ எழுத்தை வரி முழுவதும், அடுத்த வரியில் ‘யு’வின் அலை, அதற்கடுத்து ‘என்’னின் மேடுகள். வரியின் தொடக்கம் முதல் முடிவு வரை பென்சில் தாளைவிட்டு எழக்கூடாது. சுண்டுவிரல் ஓரம் தாளில் உரசிக்கொண்டே வலப்பக்கம் சறுக்க வேண்டும். தனியெழுத்தில் கையை ஓரிடத்தில் வைத்து விரல்களை மட்டும் ஆட்டினாலே போதும். சேர்த்து எழுதும்போது அப்படிச் செய்தால் மூன்றாவது எழுத்தில் விரல் எட்டாமல் நின்றுவிடும். சுருள்கள் மூன்று மூன்றாக நெருங்கி, இடையில் வெட்டு விழுந்தால் கை இன்னும் சறுக்கவில்லை என்று பொருள். அது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள், மூன்றாவது வாரம் ஆனாலும் சரி.

பிறகு எளிய இணைப்பு: அடிக்கோட்டில் முடிந்து சாய்வாக மேலேறி அடுத்த எழுத்தைத் தொடுவது. ‘ஐ-என்’, ‘ஏ-என்’, ‘யு-எம்’, ‘ஏ-எல்’ என்று இரண்டிரண்டு எழுத்தாக. இரண்டு எழுத்து ஒரே மூச்சில் வந்தபின் மூன்று எழுத்து. ‘ஐ’யின் புள்ளியும் ‘டி’யின் குறுக்குக்கோடும் சொல் முடிந்த பிறகுதான். நடுவில் புள்ளி வைக்க நின்றால் ஓட்டம் அறுந்துவிடும். பல பிள்ளைகளுக்கு இந்த ஒரு மாற்றமே கையை விடுதலை செய்கிறது. இதற்கு மூன்று வாரம்.

அடுத்த மூன்று வாரம் வட்ட எழுத்துகளுக்குள் நுழைவது. ‘எம்-ஏ’, ‘என்-ஏ’, ‘ஐ-சி’. ஏறி வரும் கோடு வட்டத்தின் இடப்பக்கத்தில் முட்டக்கூடாது. மேலே சென்று, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தைத் தொட்டு, வந்த வழியிலேயே சற்றுப் பின்வாங்கி, இடமாகச் சுழல வேண்டும். முன்னே போன பென்சில் திரும்பிப் பின்னே போவதைக் குழந்தையின் கை விரும்பாது. அதனால் ‘ஏ’ தலை திறந்து ‘யு’ மாதிரி ஆகிவிடும். ‘மேன்’ என்ற சொல்லை எழுதச் சொல்லிப் பாருங்கள், ‘ஏ’யின் தலை மூடியிருந்தால் தேறிவிட்டான்.

கடைசி நான்கு வாரம்தான் உங்கள் நிலாவும் மானும். பெரும்பாலான எழுத்துகள் அடிக்கோட்டில் முடிகின்றன. ‘ஓ’, ‘வி’, ‘டபிள்யூ’, பல பாணிகளில் ‘ஆர்’, கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் ‘பேட்’ என்னும் சொல்லில் வரும் ‘பி’ ஆகியவை மேலே, நடுக்கோட்டின் அருகில் முடிகின்றன. இவற்றிலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் வழி தரைவழி அல்ல, பாலம். அடிக்கோட்டில் முடித்துப் பழகிய கை, பாலத்தில் போக வேண்டிய இடத்திலும் தரைக்கு இறங்கிவிடுகிறது.

‘மூன்’ என்ற சொல்லை அவன் கையோடு நடந்து பார்ப்போம். ‘எம்’ அடிக்கோட்டில் முடிந்து சாய்வாக ஏறுகிறது, ‘ஓ’வின் இரண்டு மணியைத் தொடுகிறது, பின்வாங்கி வட்டமடித்து மேலே வந்து மூடுகிறது. இங்கேதான் விபத்து. மூடிய இடத்திலிருந்து பென்சில் வலப்பக்கமாகக் கீழே வழுக்கி அடிக்கோட்டுக்கு வந்தால், வட்டத்தோடு ஒட்டிய ஒரு தண்டு உருவாகிவிடும். வட்டமும் வலப்பக்கத் தண்டும் சேர்ந்தால் அது ‘ஏ’ அல்லவா! இரண்டு ‘ஓ’வும் அப்படி இறங்கினால் ஆசிரியை ‘மான்’ என்றுதான் படிப்பார். அவர் மீது குற்றமில்லை. சரியான வழி இது: ‘ஓ’ மூடியதும் பென்சில் மேலேயே நிற்க வேண்டும். அங்கிருந்து, துணி காயப்போடும் கயிறு நடுவில் லேசாகத் தொய்வதுபோல ஒரு சிறு பாலம் வலப்பக்கம் போய், இரண்டாவது ‘ஓ’வின் இரண்டு மணியில் தொட்டுப் பின்வாங்கும். அது மூடியதும் இன்னொரு பாலம், அது நேரே ‘என்’னின் தலையில் போய் நிற்கும். அங்கிருந்து ‘என்’ கீழே இறங்கும். நோட்டில் ‘என்’ கற்றபோது அதன் முன்னால் அடிக்கோட்டிலிருந்து ஏறும் கோடு ஒன்று போட்டிருப்பான். பாலத்துக்குப் பிறகு அந்தக் கோடு கிடையாது. அதையும் போட முயல்வதால்தான் பல பிள்ளைகள் ‘ஓ’விலிருந்து கீழே இறங்குகிறார்கள். தனியெழுத்து நோட்டு சொல்லிக்கொடுத்த கெடுதல் இது.

முதலில் தரையில் சாக்பீசால் முழங்கை நீளத்துக்குப் பெரிதாக ‘ஓ-ஓ-ஓ’ என்று பாலம் போடட்டும். பிறகு சிலேட்டில், பிறகு நோட்டில். பாலத்தைப் போடும்போது அவன் வாயால் ‘மேலே’ என்று சொன்னால் கை அதைக் கேட்கும், வேடிக்கையாக இருந்தாலும் பலிக்கிற உத்தி. ‘ஓ-என்’ வந்தபின் ‘ஓ-ஆர்’, ‘டபிள்யூ-ஐ’. எல்லாவற்றிலும் கடினமானது ‘டபிள்யூ-ஈ’யும் ‘ஓ-ஈ’யும், ஏனெனில் ‘ஈ’ தாழ்வாகத் தொடங்கும் எழுத்து. பாலம் அங்கே கொஞ்சம் அதிகமாகவே தொய்ந்து எழ வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள்.

பெரிய எழுத்துகளை அடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டியதில்லை. வால் இறங்கும் ‘ஜி’, ‘ஒய்’ ஆகியவற்றைத் தொடக்கத்தில் சேர்க்காமல் விடலாம், தெளிவு குறையாது. ‘ஆர்’, ‘எஸ்’ இரண்டுக்கும் பாணிக்குப் பாணி உருவம் மாறும். பள்ளியில் எது வழக்கமோ அதைக் கேட்டு அதையே பழக்குங்கள். ‘சொல் முடியும் வரை கையைத் தூக்கவே கூடாது’ என்று யாராவது விதி சொன்னால் நம்பாதீர்கள். நீண்ட சொல்லில் மூன்று நான்கு எழுத்துக்கு ஒருமுறை தூக்கிக் கையை நகர்த்துவது இயல்பு. வேகமாக எழுதும் பெரியவர்களின் எழுத்தைப் பாருங்கள், பாதி சேர்ந்தும் பாதி விட்டும்தான் இருக்கும்.

பள்ளியிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். பழகும் காலத்தில் வேகம் நிச்சயம் குறையும். அதனால் முதல் மாதம் பள்ளி வேலை முழுவதும் தனியெழுத்திலேயே இருக்கட்டும். பிறகு ஆங்கில நோட்டில் மட்டும் தேதி, தலைப்பு, முதல் இரண்டு வரி கூட்டெழுத்தில் வரட்டும். மற்றப் பாடங்களும் தேர்வும் மூன்று மாதம் கழித்து மாறலாம். ஆசிரியையிடம் ‘அவனுக்கு வராது, விட்டுவிடுங்கள்’ என்று கேட்காமல், எந்த வாரம் எந்த இணைப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வாக்கியத்தை ஒரு நிமிடம் தனியெழுத்திலும் ஒரு நிமிடம் கூட்டெழுத்திலும் எழுதச் சொல்லி, எழுத்துகளை எண்ணித் தேதியோடு குறித்து வையுங்கள். கூட்டெழுத்து எண்ணிக்கை தனியெழுத்தை நெருங்கும்போது பள்ளி நோட்டுகள் முழுவதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பன்னிரண்டு வாரம் கழித்தும் பாதிகூட வராவிட்டால் பின்னால் போய், கை சறுக்குகிறதா என்ற முதல் படியை மறுபடி பாருங்கள்.

கைவலியைத் தனியாகக் கவனியுங்கள். உட்காரும் முறையும் பென்சிலும் மாறி மூன்று வாரம் ஆனபின்னும் வலி தொடர்ந்தாலோ, எழுதும்போது விரல்நுனி வெளுத்தாலோ, கட்டைவிரல் மூட்டு பின்பக்கம் அளவுக்கு மீறி வளைந்தாலோ, கை நடுங்கினாலோ, அன்றாடச் செயல்களுக்குக் கையையும் உடலையும் பழக்கும் சிகிச்சையாளரான, குழந்தைகளைப் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். பலகையைச் சாய்த்த பிறகும் அவன் முகம் தாளுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போகிறது என்றால், எனக்கு முன்னால் கண் மருத்துவரைப் பாருங்கள். மங்கலாகத் தெரிவதால் கவிழும் பிள்ளையை, கெட்ட பழக்கம் என்று ஆண்டுக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நாலாவது நோட்டுக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு 2பி பென்சிலும் ஒரு பெட்டி சாக்பீசும் வாங்குங்கள்.